மணம் தெரியவில்லை என்று டயலைத் திருப்பாதீர்கள்

"அக்கா, எங்க வீடு தங்கச்சிமடத்துல, கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். படுக்கையறை 9-க்கு 10 அடிதான். வீட்டுக்காரர் படகுக்குப் போறவர், உடுப்பெல்லாம் அந்த அறையிலதான் தொங்கும், வாடை போகவே மாட்டேங்குது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஏசி போட்டோம். கூடவே பிளக்குல மாட்டுற வாசனை மெஷின் ஒன்னு வாங்கி, கட்டிலுக்குக் கீழ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி வச்சேன். நாலு நாள் கமகமன்னு இருந்துச்சு, அப்புறம் ஒன்னுமே தெரியல. டயலைக் கடைசி வரைக்கும் திருப்பிட்டேன். 45 நாள் வரும்னு போட்டிருந்த 35 மில்லி புட்டி 20 நாள்ல காலி, இப்ப அடுத்தது ஓடுது. காலையில எழுந்தா தலை கனக்குது. பையனுக்கு 4 வயசு, பனிக்காலத்துல இழுப்பு வரும். தங்கச்சி மதுரையிலிருந்து வேக்ஸ் மெல்ட் பாக்கெட்டும் கரண்டுல சூடாகுற கிண்ணமும் வாங்கிட்டு வந்திருக்கா. மெஷினை விட்டுட்டு இதுக்கு மாறலாமா?"

மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இன்று ராத்திரி படுக்கப் போவதற்கு முன்னால் அந்த மெஷினைக் கழற்றி, புட்டியை மூடி, அறைக்கு வெளியே பையன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. திரி நனைந்தே இருப்பதால் சூடு இல்லாமலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதுவும் நம் கடற்கரை வெக்கையில் நன்றாகவே ஆகும். மூடியைத் தூக்கிப் போட்டிருந்தால் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், புட்டி மட்டும் சாயாமல் நிற்கட்டும். இழுப்பு உள்ள பிள்ளை தூங்கும் அறையில் மெஷினும் வேண்டாம், வேக்ஸ் மெல்டும் வேண்டாம், இதுதான் என் பதில். நான் டாக்டர் இல்லை, 16 வருடமாக வாசனை எண்ணெய் கலக்கும் தொழிலில் இருக்கிறவள். இந்தப் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் மணம் தெரியாமல் போனதற்குக் காரணம் மெஷின் இல்லை, உங்கள் மூக்கு. ஒரே மணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அதை நாம் உணர்வது மங்கிப் போகும். சில நிமிடங்களிலேயே மங்க ஆரம்பிக்கும், நாள் கணக்கில் அதே அறையில் படுத்தால் சொல்லவே வேண்டாம். நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் மாதிரி சோதிக்கிற அறை எட்டுக்கு எட்டு அடி. காலையிலிருந்து உள்ளே உட்கார்ந்து, மல்லிகை கம்மியாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் விடுவோம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். டீ கொண்டுவருகிற அண்ணன் கதவைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போய், டம்ளரை வாசல் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்றிலிருந்து எங்கள் மேலாளர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். அறைக்குள் இருப்பவர் அளவைத் தீர்மானிக்கக் கூடாது, வெளியிலிருந்து வருபவர்தான் சொல்ல வேண்டும். நீங்களும் சந்தேகம் வந்தால் கடற்கரைப் பக்கம் இருபது நிமிடம் நடந்துவிட்டு நேராக அறைக்குள் வந்து பாருங்கள், அந்த முதல் இரண்டு மூச்சில் தெரிவதுதான் ஓரளவு உண்மையான அளவு.

மெஷினின் வேலை ரொம்ப எளிது. கொசு மருந்து லிக்விட் மெஷின் எப்படியோ அப்படியேதான். புட்டியில் இருக்கும் திரவம் திரி வழியாக மேலே ஏறும், திரியின் நுனியைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு சின்ன ஹீட்டர் இருக்கும், அந்தச் சூட்டில் திரவம் ஆவியாகி அறைக்குள் போகும். ஹீட்டர் இழுக்கும் கரண்ட் சில வாட்தான். டயலைத் திருப்பினால் பெரும்பாலான மெஷின்களில் திரி ஹீட்டருக்குப் பக்கத்தில் நகரும், அதிகமாக ஆவியாகும், அவ்வளவுதான். அதில் டைமரோ சென்சாரோ இல்லாவிட்டால், அறையில் ஏற்கெனவே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் தூங்கினாலும் வெளியே போனாலும் ஒரே அளவில் விட்டுக்கொண்டே இருக்கும். இன்னொன்று, புட்டியில் இருப்பது முழுக்க வாசனை எண்ணெய் இல்லை. அதை நீர்க்க வைக்க ஒரு கரைப்பானும் சேர்த்திருப்பார்கள், அதற்குப் பெரிதாக மணம் இருக்காது, ஆனால் அதுவும் ஆவியாகி அறைக்காற்றில்தான் கலக்கிறது. ஆகவே மூக்குக்குத் தெரிகிற மணத்தை வைத்து, காற்றில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்குப் போட முடியாது.

உங்கள் புட்டியை வைத்தே கணக்குப் போடலாம். 35 மில்லி 20 நாளில் தீர்ந்தால் ஒரு நாளைக்கு 1.75 மில்லி, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 70 மில்லிகிராம். 45 நாள் ஓடியிருந்தால் இதில் பாதிக்கும் குறைவு. கேட்கும்போது துளியளவாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் துளி எங்கே போகிறது என்பதுதான் விஷயம். உங்கள் அறை 9-க்கு 10, உயரம் 9 அடி என்று வைத்தால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 23 கன மீட்டர். இரண்டு ஜன்னலும் திறந்து கடல்காற்று வீசினால் அறைக்காற்று முழுசும் ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை மாறிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது மெஷின் விடுவது நீர்த்துப்போய் ஒரு கன மீட்டரில் 0.6 மில்லிகிராம் அளவில்தான் நிற்கும். கதவு ஜன்னலை அடைத்து ஏசி போட்டால், கதவிடுக்கு வழியாக மணிக்குப் பாதிக் காற்று மாறினாலே அதிகம். அதே மெஷின், அதே டயல், ஆனால் அளவு 6 மில்லிகிராமுக்கு ஏறிவிடும், பத்து மடங்கு. உடனே ஏறாது, நாலைந்து மணி நேரம் பிடிக்கும். ஒன்பது மணிக்குக் கதவை அடைத்தால் விடியற்காலை இரண்டு மணிக்கு, பையன் ஆழ்ந்து தூங்கும்போதுதான் உச்சத்துக்கு வரும். இது தோராயக் கணக்கு, கதவு, சுவர், மெத்தை எல்லாம் கொஞ்சம் மாற்றும், ஆனாலும் அந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி காற்றை மாற்றும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், மாற்றாது. வெளியே மாட்டியிருக்கும் பெட்டி உள்ளிருக்கும் சூட்டை மட்டும்தான் வெளியே தள்ளுகிறது, வீட்டில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. மூன்று பேர் விடும் மூச்சுக்காற்றும் அதிலேயே சுற்றும். அதனால் உங்கள் தலைக்கனத்துக்கு வாசனை மட்டும்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், அடைத்த அறையும் சேர்ந்திருக்கலாம். ஏசி போட்டாலும் கதவை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள், கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், பரவாயில்லை.

இப்போது தங்கச்சி கொண்டுவந்ததைப் பார்ப்போம். வேக்ஸ் மெல்ட் என்பது திரி இல்லாத மெழுகு. பாரஃபின் மெழுகோ சோயா மெழுகோ உருக்கி, அதில் வாசனை எண்ணெய் கலந்து சின்னக் கட்டிகளாக வார்த்திருப்பார்கள். கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி, எண்ணெய் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும். மெழுகு அந்தச் சூட்டில் ஆவியாகாது, கிண்ணத்திலேயே கிடக்கும். மணம் தீர்ந்த பிறகும் மெழுகு அப்படியே இருப்பதைப் பார்த்து, இன்னும் வேலை செய்கிறது என்று நினைத்து நாள் முழுக்கச் சூடாக்கிக்கொண்டிருப்பார்கள். முதலில் எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி லேசான மணங்கள் போய்விடும், சந்தனம், கஸ்தூரி மாதிரி கனமானவை பின்னால் மெதுவாக வரும். கட்டி பழசாகும்போது மணமே மாறுவது அதனால்தான்.

நெருப்பு இல்லை, புட்டி இல்லை, அதனால் இது மென்மையானது என்று கடைகளில் சொல்லிவிடுகிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஒரு கட்டி 15 கிராம், அதில் நூற்றுக்கு எட்டு பங்கு வாசனை எண்ணெய் என்று வைத்தால் 1.2 கிராம் எண்ணெய். அதில் பாதி முதல் நாலு மணி நேரத்தில் வெளியேறினால் மணிக்கு 150 மில்லிகிராம், அதாவது டயலை முழுசாகத் திருப்பிய உங்கள் மெஷினைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே படுக்கையறையில் மெஷினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தக் கிண்ணத்தை வைத்துக் கதவை அடைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வேக்ஸ் மெல்ட்டில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், அணைத்தால் கொஞ்ச நேரத்தில் மெழுகு இறுகி, மணம் விடுவது கிட்டத்தட்ட நின்றுபோகும். கட்டியைக் கத்தியால் பாதியாக வெட்டிப் போட்டால் அளவும் பாதியாகும். அந்த வசதியைப் பயன்படுத்தத் தெரிந்தால் அது நல்ல பொருள்.

எப்படியென்றால், முன்னறையில் வையுங்கள். பையன் வெளியே விளையாடும் நேரமாகப் பார்த்து, ஜன்னலும் வாசல் கதவும் திறந்திருக்க, அரைக் கட்டி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், அப்புறம் அணைத்துவிடுங்கள். விருந்தாள் வருவதற்கு முன்னால் போடுங்கள், அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம். கிண்ணம் உயரமான, அசையாத பலகையில் இருக்கட்டும், வயர் தொங்கக் கூடாது, நாலு வயசுப் பிள்ளை முதலில் இழுப்பது வயரைத்தான். உருகிய மெழுகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அப்படி நடந்தால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடவிடுங்கள், மெழுகை உரித்து இழுக்காதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கரண்ட் போன நேரத்தில் கிண்ணத்துக்கு அடியில் மெழுகுவத்தியை ஏற்றிச் சூடாக்கலாமா என்று தோன்றும், வேண்டாம். அதற்கென்று செய்த கிண்ணத்துக்கும் மின்கிண்ணத்துக்கும் உயரமே வேறு, மெழுகு அளவுக்கு மீறிச் சூடாகிப் புகைய ஆரம்பிக்கும், தீப்பிடிக்கவும் கூடும். கூடவே புகைக்கரியும் அறைக்குள் சேரும்.

இயற்கை எண்ணெய் என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனின் என்ற பொருள்தான் எலுமிச்சை, ஆரஞ்சு மணமுள்ள பெரும்பாலான தயாரிப்புகளிலும் இருக்கிறது. அது காற்றில் இருக்கும் ஓசோனோடு சேர்ந்தால் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகும், இரண்டுமே மூச்சுக்குழாயை உறுத்தக்கூடியவை. ஓசோன் விடும் காற்றுச் சுத்திகரிப்பு மெஷின் என்று யாராவது விற்க வந்தால் அதை வாசனைப் பொருளோடு சேர்த்து ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கட்டிலுக்குக் கீழ் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. இந்த மெஷின் நேராக நிற்கும்படி செய்தது, புட்டி கீழே, திரி மேலே. பாக்ஸ் தரையில் படுத்துக் கிடந்தால் மெஷினும் படுத்துவிடும், திரவம் கசிந்து பாயிண்டுக்குள்ளேயே இறங்கும். அந்தத் திரவம் பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும். கழற்றும்போது அடிப்பாகத்தையும் பாக்ஸின் மேற்புறத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று இருந்தாலோ, பிளாஸ்டிக் பளபளப்புப் போய் மங்கியிருந்தாலோ கசிந்திருக்கிறது, அந்த பாக்ஸை மாற்றிவிடுங்கள். பையன் புட்டியை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொசு மெஷினில் இந்தப் புட்டியையும் இதில் அந்தப் புட்டியையும் மாற்றிச் சொருகும் பழக்கம் சில வீடுகளில் உண்டு, இரண்டுக்கும் ஹீட்டர் சூடு வேறு, செய்யாதீர்கள்.

உங்கள் ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். சுவிட்சோ பிளக்கோ அளவுக்கு மீறிச் சூடாகி அதன் பிளாஸ்டிக் கருக ஆரம்பித்தால், பல நேரம் புகைநெடி வராது, மீன் கவிச்சி மாதிரியே ஒரு வாடை வரும். மற்ற ஊரில் வீட்டுக்குள் திடீரென்று மீன் வாடை வந்தால் எங்கே என்று தேடுவார்கள். தங்கச்சிமடத்தில் யார் தேடுவார்கள்? அதன் மேல் வாசனை மெஷினும் ஓடினால் அந்த எச்சரிக்கை முழுசாக மறைந்துபோகும். மெஷின் இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு, அதனால் பாயிண்ட் சூடாகாது. ஆனால் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸோ வாட்டர் ஹீட்டரோ சொருகினால் ஆகும், உப்புக்காற்றில் பித்தளைப் பின் பச்சை பூத்திருந்தால் இன்னும் சீக்கிரம் ஆகும். உடுப்பு எதுவும் இல்லாத நாளிலும் கவிச்சி அடித்தால், மெயினை அணைத்துவிட்டு, பிளக் சொருகும் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, வாடைக்கு என்ன செய்வது. வாசனை மெஷின் வாடையை எடுப்பதில்லை, அதன் மேல் இன்னொன்றைப் போர்த்துகிறது, அவ்வளவுதான். மீன் கவிச்சிக்கு முக்கியக் காரணம் ட்ரைமெத்தில்அமீன் என்ற பொருள், அது காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால் உப்பாக மாறி ஆவியாகாமல் அடங்கிவிடும். மீன் கழுவிய கையில் நம் வீட்டில் புளியோ எலுமிச்சையோ தேய்ப்பது இதற்குத்தான். உடுப்புக்கும் அதையே செய்யலாம். ஆனால் அதற்கு முன்னால் உப்பு போக வேண்டும். கடல்தண்ணீர் பட்டுக் காய்ந்த துணியில் உப்பு இருக்கும், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-க்கு மேல் போனால் அந்த உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தண்ணீராகும். உங்கள் ஊரில் ராத்திரி அதற்கு மேல்தான் இருக்கும். அதனால் பகலில் மொறுமொறுவென்று காய்ந்த சட்டை ராத்திரி ஆணியில் தொங்கும்போதே மறுபடி பிசுபிசுக்கும், ஈரத்தில் கிருமி வளரும், வாடை கூடும். தொட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

படகிலிருந்து வந்ததும் உடுப்பு அறைக்குள் வரவே வேண்டாம், கொல்லைப்புறத்தில் ஒரு மூடி போட்ட வாளி வைத்துவிடுங்கள். நல்ல தண்ணீர் அங்கே அருமைதான், இருந்தாலும் சோப்பு போடுவதற்கு முன்னால் அரை வாளி நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிப் பிழிந்து உப்பை எடுத்துவிடுங்கள், அந்தத் தண்ணீரைக் கழிவறைக்கு ஊற்றிக்கொள்ளலாம். பிறகு வழக்கம்போல் துவைத்து, கடைசி அலசலில் ஒரு வாளிக்கு அரை டம்ளர் வெள்ளை வினிகர் சேர்த்துப் பிழிந்து வெயிலில் போடுங்கள். வினிகரை ப்ளீச்சிங் பவுடரோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

அறையில் இனி மெஷின் இல்லாவிட்டாலும் மூன்று நாலு நாள் மணம் வரும், பயப்பட வேண்டாம். மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாம் இத்தனை நாள் குடித்ததை மெதுவாகத் திருப்பி விடுகின்றன. மெத்தையையும் தலையணையையும் இரண்டு நாள் வெயிலில் போட்டு, திரைச்சீலையைத் துவைத்துவிடுங்கள். அதனால் தலைக்கனம் குறைந்ததா என்று மறுநாளே பார்த்து முடிவு செய்யாமல் ஒரு வாரம் பொறுங்கள். பையன் ராத்திரி எத்தனை தடவை இருமினான், இழுப்பு வந்ததா, கதவு திறந்திருந்ததா என்று காலண்டரில் அந்தந்தத் தேதியிலேயே குறித்து வையுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும், மெஷின் ஓடிய நாட்களின் கணக்கையும் காட்டுங்கள். பையனுக்கு இழுப்பு இப்போதே இருந்தால், மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ பேச முடியாமல் திணறினாலோ, அந்த ஒரு வாரம் எல்லாம் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.